கணக்கருக்கு எதற்குக் கண்ணீர்க் கதை?

சென்ற இதழில், தனியாகத் தொழில் செய்யும் கணக்கர்கள் லிங்க்ட்இன் தளத்தில் தங்களை எப்படி முன்னிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் சாரம் நான்கு கட்டளைகள். தினமும் ஒரு பதிவு போடு. வரியும் சட்டமும் பேசி அலுப்பூட்டாதே, உன் வாழ்க்கைப் போராட்டத்தைச் சொல். எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை லட்சம் மிச்சப்படுத்தினாய் என்பதைப் படத்தோடு காட்டு. தொழில் நுணுக்கத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடாதே.

நான்கும் தவறு. மூன்றாவது கட்டளை ஆபத்தும்கூட. சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்க நினைக்கும் ஓர் இளைஞர் இந்த அறிவுரையை நம்பி ஆறு மாதம் உழைத்தால், கைதட்டல் கிடைக்கும், வேலை கிடைக்காது. கோவையில் சிறு பட்டறைகளின் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையாளர் ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். முன்பு வேலை பார்த்த ஆடிட்டர் அலுவலகம் தள்ளிவிடும் இரண்டு மூன்று சில்லறை வேலைகளை மட்டும் நம்பி ஒருவர் தொழில் நடத்த முடியாது. தான் இருப்பதை நாலு பேருக்குத் தெரியப்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. எதைத் தெரியப்படுத்துவது, யாருக்குத் தெரியப்படுத்துவது என்பதில்தான் அவர் முழுக்கத் தடம் மாறிப் போகிறார்.

வாழ்க்கைக் கதையை எழுதினால் ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள் என்பது அவருடைய முதன்மையான ஆதாரம். பார்க்கிறார்கள்தான். யார் பார்க்கிறார்கள் என்று அவர் ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. லிங்க்ட்இன்னில் ஒரு பதிவு முதலில் போய்ச் சேர்வது பெரும்பாலும் நம்மோடு தொடர்பில் இருப்பவர்களிடம். அவர்கள் விருப்பக்குறி போட்டாலோ கருத்து எழுதினாலோ, அது அவர்களுடைய தொடர்புகளுக்குப் பரவும். தனிக் கணக்கர் ஒருவரின் தொடர்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கூடப் படித்தவர்கள், சி.ஏ. தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர்கள், பழைய அலுவலக நண்பர்கள், மற்ற கணக்கர்கள். தேர்வில் மூன்று முறை தோற்று எழுந்த கதையை எழுதினால் இவர்கள் நெகிழ்வார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய கதையும்தான். பதிவு அவர்கள் வழியாக இன்னும் நானூறு கணக்கர்களிடம் போகும். கணபதியில் நாலு லேத் மெஷின் வைத்து பம்பு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை முதலாளி அந்த வட்டத்திலேயே இல்லை. இத்தனை ஆயிரம் பார்வை என்று கட்டுரையாளர் பெருமைப்படும் எண்ணிக்கை, ஒரே வேலைக்குப் போட்டியிடும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட எண்ணிக்கை.

அந்த முதலாளி தற்செயலாக அந்தக் கதையைப் படித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு அதில் என்ன இருக்கிறது? எழுதியவர் நல்லவர், கஷ்டப்பட்டு மேலே வந்தவர் என்று நினைப்பார். அடுத்த மாத ரிட்டர்னை இவர் ஒழுங்காகப் போடுவாரா என்ற அவருடைய ஒரே கேள்விக்கு அந்தக் கதையில் பதில் இல்லை. மனிதர்கள் மனிதர்களை நம்பித்தான் வேலை கொடுக்கிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். உண்மை. ஆனால் கணக்கர்மீது வரும் நம்பிக்கை, பணத்தையும் தேதியையும் அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பார்த்து வருவது. அதைப் பதிவில் காட்ட முடியும். எப்படி என்று ஓர் உதாரணத்தை முழுதாகவே சொல்கிறேன்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழில்கள், கியூஆர்எம்பி என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டால் போதும். வேலை குறைகிறதே என்று பல பட்டறைக்காரர்கள் இதில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பட்டறை, ஏப்ரல் மாதத்தில் பீளமேட்டிலுள்ள ஒரு பெரிய பம்பு கம்பெனிக்கு 2 லட்சம் ரூபாய்க்கு உதிரிபாகம் விற்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி 36,000 ரூபாய். பில் தொகை 2,36,000 ரூபாய். மே மாதம் பணம் கேட்டுப் போன் செய்தால் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சொல்வார்கள்: “உங்க பில் எங்க டூ-பி-ல வரலைங்க. ஜிஎஸ்டி அமவுண்ட்டை மட்டும் நிறுத்தி வெச்சிருக்கோம். வந்ததும் விட்டுடறோமுங்க.”

அவர்கள் சொல்வது சட்டப்படி நியாயமான கவலை. விற்றவர் தன் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றி, அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான் வாங்கியவர் அந்த 36,000 ரூபாயை இன்புட்டாக எடுக்க முடியும். அந்த அறிக்கை ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகிறது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கம்பெனி 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். நம் பட்டறைக்காரரோ காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர். ஏப்ரல் பில்லை அவர் ஜூலை 13-ஆம் தேதிக்குள் போடும் ஜிஎஸ்டிஆர்-1-இல்தான் காட்டுவார். அது ஜூலை 14 அன்று கம்பெனியின் அறிக்கையில் வரும். மே 20 அன்று எடுத்திருக்க வேண்டிய இன்புட்டைக் கம்பெனி ஜூலை 20 அன்றுதான் எடுக்கும். இரண்டு மாதம் 36,000 ரூபாய் முடங்குகிறது. இதற்கிடையே ஏப்ரல் மாதத்து வரிக்காக, மே 25-ஆம் தேதிக்குள் பிஎம்டி-06 சலானில் பட்டறைக்காரர் கைக்காசைப் போட்டுப் பணம் கட்டவும் வேண்டியிருக்கும். வசூலாகாத வரிக்குத் தன் முதலைக் கொடுக்கிறார்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஐஎஃப்எஃப் என்ற வசதி உண்டு. பதிவு பெற்ற வணிகர்களுக்குப் போட்ட பில்களை, அடுத்த மாதம் 1 முதல் 13-ஆம் தேதிக்குள் அதில் ஏற்றிவிடலாம். மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஏற்றலாம். ஏப்ரல் பில்லை மே 13-க்குள் ஏற்றினால் மே 14 அன்று கம்பெனியின் அறிக்கையில் வந்துவிடும், நிறுத்தி வைக்கக் காரணமும் இருக்காது. ஒருமுறை ஏற்றிய பில்லை ஜூலையில் மறுபடி காட்ட வேண்டியதில்லை. இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பில்லை உள்ளிட்டுச் சேமித்துவிட்டு, ஓடிபி கொடுத்துத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவார்கள். சேமித்தது மட்டும் இருந்தால் வாங்குபவருக்கு எதுவும் போகாது. 14-ஆம் தேதிக்குப் பிறகு கம்பெனிக்குப் போன் செய்து பில் வந்துவிட்டதா என்று கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

இப்போது இதைப் பதிவாக எழுதுவோம். இப்படி இருக்கலாம்:

“கோவை பட்டறை முதலாளிகளுக்கு: பெரிய கம்பெனி உங்கள் பில்லில் ஜிஎஸ்டி தொகையை மட்டும் நிறுத்தி வைக்கிறதா? நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவரா? அப்படியென்றால் ஏப்ரல் பில்லை மே 13-ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் வழியாக ஏற்றச் சொல்லி உங்கள் கணக்கரிடம் சொல்லுங்கள். 2 லட்சம் ரூபாய் பில்லில் 36,000 ரூபாய் ஜூலை வரை முடங்காமல் இருக்கும். ஏற்றினால் போதாது, தாக்கலும் செய்ய வேண்டும். 14-ஆம் தேதிக்குப் பிறகு கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஜூன் மாத பில்லுக்கு இந்த வழி இல்லை, அது காலாண்டு ரிட்டர்னில்தான் வரும். மே 6 அன்று எழுதியது. கடைசித் தேதி மாறியிருக்கிறதா என்று ஜிஎஸ்டி தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.”

இதில் எழுதியவர் எங்கே பிறந்தார், எத்தனை முறை தோற்றார் என்பது இல்லை. ஆனால் படிக்கும் முதலாளிக்கு அவரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துவிடுகிறது. என் பணம் எங்கே மாட்டுகிறது என்று இவருக்குத் தெரியும். தேதிக்கு முன்னால் சொல்கிறார். எது முடியாது என்பதையும் சொல்கிறார். நான் பேசும் மொழியில் பேசுகிறார். சுயமுத்திரை என்று கட்டுரையாளர் பக்கம் பக்கமாக விளக்கியது, ஒரு கணக்கரைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

இந்தப் பதிவு யாரிடம் போக வேண்டும் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். லிங்க்ட்இன்னில் எல்லாச் சிறு தொழில்காரர்களும் இல்லை. மளிகைக்கடைக்காரரையும் பேக்கரிக்காரரையும் அங்கே தேடுவது வீண். கம்பெனிகளுக்குப் பொருள் விற்கும் பட்டறைகளை இன்று கவனிக்கும் மகன்களும் மகள்களும், கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகள், மெஷின் விற்கும் பிரதிநிதிகள், சிறு தொழில் கடன் பார்க்கும் வங்கி அலுவலர்கள் அங்கே இருக்கிறார்கள். தொடர்புப் பட்டியலில் இவர்களைச் சேர்க்க வேண்டும். இவர்கள் எழுதும் இடத்தில் போய், கேட்ட சந்தேகத்துக்கு இரண்டு வரியில் சரியான பதில் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் கேலி செய்த ‘நூறு பார்வைப் பதிவு’ இந்தப் பட்டியலில் நூறு பேரால் பார்க்கப்பட்டால், அதில் ஒருவர் இரவு எட்டு மணிக்குத் தனிச்செய்தி அனுப்புவார்: “எங்களுக்கும் இதே பிரச்சனைங்க, ஒரு 1,10,000 நிக்குது.” வேலை தொடங்கும் இடம் அதுதான். செய்தியில் ஒரு தொகையோ தேதியோ இருந்தால், கேட்பவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது என்று அர்த்தம். அருமை, சூப்பர் என்று வரும் முப்பது கருத்துகளும் அந்த ஒரு செய்திக்கு ஈடாகாது.

அடுத்தது, மிச்சப்படுத்திய லட்சங்களைப் படத்தோடு போடச் சொல்லும் அறிவுரை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெயரை மறைத்துவிட்டால் போதும் என்கிறார் கட்டுரையாளர். போதாது. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான பத்தும் அந்தத் தொழிலின் பான் எண். படத்தின் ஓரத்தில் அந்த எண் தெரிந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் ஜிஎஸ்டி தளத்தில் அதைத் தட்டிப் பெயர், முகவரி, எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டார் என்பதுவரை பார்க்கலாம். எண்ணை முழுதாக அழித்தாலும் தப்பவில்லை. குறிச்சியில் ஒரு ஃபவுண்டரி, விற்றுமுதல் 3 கோடி, சென்ற ஆண்டு நோட்டீஸ் வந்தது என்று எழுதினால், அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். அவருக்கு மூலப்பொருள் கடனில் கொடுப்பவருக்கும் தெரியும். அடுத்த லோடு வரும்போது முன்பணம் கேட்பார். ஒரு விருப்பக்குறிக்காக ஒரு மனிதனின் கடன் நாணயத்தை விற்கிற செயல் இது.

இன்னொன்றும் இருக்கிறது. 8 லட்சம் வரி மிச்சப்படுத்தினேன் என்ற வாக்கியத்தை விவரமான முதலாளி எப்படிப் படிப்பார்? ஒன்று, முன்பு இருந்த கணக்கர் செய்த தவறு திருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் அது அந்த ஒரு தொழிலுக்கு நேர்ந்த விஷயம், தனக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால், கட்ட வேண்டிய வரி ஏதோ வழியில் கட்டப்படாமல் போயிருக்கிறது. அந்த வழி என்ன என்று அவர் மட்டும் யோசிக்க மாட்டார், அதே பதிவைப் படிக்கும் வரி அலுவலரும் யோசிப்பார். இரண்டுக்கும் மேலாக அவர் மனதில் ஒரு கேள்வி எழும்: நாளைக்கு என் கணக்கையும் இப்படித்தான் ஊருக்குக் காட்டுவாரா? கணக்கரிடம் சேதி தங்கும் என்ற நம்பிக்கை போய்விட்டால் வேறு எந்தத் திறமையும் அவரைக் காப்பாற்றாது. மேலே நான் கொடுத்த பதிவில் 2 லட்சமும் 36,000-மும் யாருடைய கணக்கிலிருந்தும் எடுத்தவை அல்ல. விளக்குவதற்காகப் போட்ட தொகைகள். பாடம் சொல்ல அவையே போதும்.

தலைப்பு வரிக்கு அவர் தரும் யோசனையும் இதே வகைதான். பெயருக்குக் கீழே 220 எழுத்துக்குறிகள் வரை எழுதும் இடத்தில், வரி நிபுணர், நிதி வழிகாட்டி, தொழில் வளர்ச்சிக் கூட்டாளி என்று அடுக்கச் சொல்கிறார். யாருக்கு என்ன வேலை செய்கிறார் என்பது அதில் எங்கும் இல்லை. சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி, பட்டயக் கணக்காளர் அமைப்பில் உறுப்பினர் அல்லாதவர் தன்னைப் பட்டயக் கணக்காளர் என்று காட்டிக்கொள்வது குற்றம். உறுப்பினராகித் தொழில் செய்பவருக்கோ வேறு கட்டுப்பாடு. விளம்பரம் செய்து வாடிக்கையாளரைத் தேடுவது அதே சட்டத்தின் முதல் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கு மீறல். அவர்களுடைய மன்றம் அனுமதித்த அளவுக்குள்தான் அவர்கள் எழுத முடியும். தினமும் வெற்றிக் கதை போடு என்ற அறிவுரை அவர்களை நேராக விசாரணைக்குக் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று எழுதுவதற்கும் முறையான பதிவும் அதற்கான தேர்வும் உண்டு. அந்தப் பதிவு இல்லாத கணக்கர் தலைப்பு வரியில், “கோவை எந்திர உதிரிபாகப் பட்டறைகளுக்கு மாதக் கணக்கு, பில் சரிபார்ப்பு, ரிட்டர்ன் தயாரிப்பு” என்று எழுதட்டும். யாருக்கு, என்ன என்ற இரண்டும் அதில் இருக்கின்றன, பொய் இல்லை. தணிக்கைக் கையெழுத்து வேண்டுமென்றால் பட்டயக் கணக்காளரிடம்தான் போக வேண்டும் என்பதையும் அறிமுகப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். தன் எல்லையைத் தானே சொல்கிறவரிடம் முதலாளிக்கு மரியாதை கூடும்.

நுணுக்கத்தை இலவசமாகக் கொடுக்காதே, கொடுத்தால் அவர்களே செய்துகொள்வார்கள் என்ற வாதம் கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது. ஐஎஃப்எஃப் பற்றி நான் மேலே எழுதியது அரசே வெளியிட்டிருக்கும் தகவல். அதை மறைத்து வைக்க யாருக்கும் உரிமையும் இல்லை, வழியும் இல்லை. பட்டறை முதலாளிக்கு அது தெரிந்த பிறகும், ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதிக்கும் 13-ஆம் தேதிக்கும் நடுவில் பில்களைத் தேடி எடுத்து, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்த்து, ஏற்றி, தாக்கல் செய்து, 14-ஆம் தேதி போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும். டெலிவரி நெருக்கும்போது முதலாளி மெஷின் முன்னால் நிற்பார், கணினி முன்னால் உட்கார மாட்டார். அவர் காசு கொடுப்பது அந்த ஆளுக்கு. பதிவைப் படித்துத் தானே செய்துகொள்ளும் ஒருவர் நமக்கு வாடிக்கையாளராக வந்திருக்கப் போவதே இல்லை. அவருக்கு நன்மை நடந்ததே என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போகலாம்.

கடைசியாக, தினமும் எழுது என்ற கட்டளை. ஒரு கணக்கருக்குத் தினமும் சொல்ல என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. ஆகவே பத்தாம் நாளே பொன்மொழியும் பொய்யும் வரத் தொடங்கும். கட்டுரையாளர் தந்த மாதிரிப் பதிவுகளிலேயே இதைப் பார்க்கலாம். கடின உழைப்பு வெல்லும், தோல்வி பாடம் என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வாசகங்கள். கணக்கருக்கு எழுத வேண்டிய நாளை வரி நாள்காட்டியே கொடுக்கிறது. 5 முதல் 10-ஆம் தேதிக்குள் ஒன்று, 13-ஆம் தேதிக்கு முன்னால் ஏற்ற வேண்டியதைப் பற்றி. 15 முதல் 18-க்குள் ஒன்று, வந்த அறிக்கையைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு விடுபட்ட பில்லுக்கு விற்றவரைக் கூப்பிடுவது பற்றி. மாதம் இரண்டு போதும். 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கணக்கர் மேசையில் இருக்க வேண்டிய நாட்கள். அன்று காலை எட்டு மணிக்குத் தன் போராட்டக் கதையை மெருகேற்றிக்கொண்டிருப்பவரிடம் யார் கணக்கைக் கொடுப்பார்கள்?

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சட்டம் மாறும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பழகிப்போன பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணோடு போட்ட பதிவு இன்றும் பகிரப்பட்டால் படிப்பவர் குழம்புவார். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் எழுதிய தேதி இருக்க வேண்டும், தவறாகிப்போனதைத் திருத்தவோ நீக்கவோ வேண்டும். வேலையும் மெதுவாகத்தான் வரும். ஒரே மாதத்தில் பத்து வாடிக்கையாளர் என்ற கட்டுரையாளரின் வாக்குறுதியை நான் தரமாட்டேன். ஆனால் இப்படி வருகிற முதலாளி, தன் பிரச்சனை என்ன, நாம் என்ன செய்வோம் என்று தெரிந்தே வருகிறார். முதல் சந்திப்பிலேயே எந்த வேலை, மாதம் எவ்வளவு கட்டணம், எந்தத் தேதிக்குள் பில்களை அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். கதையில் உருகி வந்தவரிடம் கட்டணம் பேசும்போதுதான், அவர் எதற்காக வந்தார் என்பது அவருக்கே தெரியாது என்பது புலப்படும்.

இளம் கணக்கர்கள் ஏற்கெனவே குறைந்த கட்டணத்தில், அதிக நேரம், பிறருடைய கவலையைத் தலையில் சுமந்து வேலை செய்கிறார்கள். அவர்களிடம் போய் உன் துக்கத்தைத் தினமும் கடைபரப்பு, உன்னை நம்பியவரின் கணக்கை விளம்பரமாக்கு, உனக்குத் தெரிந்த தொழிலை மட்டும் மறைத்து வை என்று சொல்வது வழிகாட்டல் ஆகாது. அவர்களிடம் விற்கத் தகுந்த சரக்கு ஒன்றுதான் இருக்கிறது, வேலை தெரியும் என்பது. அதை மறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.